ஒரு சிலிண்டர், இரண்டு கணக்கு

சிலிண்டர் ஒன்றுதான். நாங்கள் போட்ட கணக்கில் அதன் விலையில் 71 சதவீதம் இடைவெளி நின்றது. எதிர்த்தரப்பு போட்ட கணக்கில் 13.5 சதவீதம். இரண்டு தாள்களிலும் கூட்டல், கழித்தல், வகுத்தல் எல்லாம் சரி. விலையும் இரண்டிலும் ஒன்றேதான், 310 ரூபாய். செலவு என்று எதைக் கழிப்பது என்ற இடத்தில்தான் வழக்கு முழுவதும் நின்றது. இந்தியப் போட்டி ஆணையத்தில் நான் நடத்திய வழக்குகளில் நுட்பமானது என்று மனதில் தங்கிவிட்டது இது. தரப்பினரின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எண்களையும் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

தென் மாவட்டத்தில் கடலோரத்தை ஒட்டிய ஊர். இரும்பு கேட், ஷட்டர், கூரைத் தளவாடம் செய்கிற வெல்டிங் பட்டறைகளும் விசைப்படகு பழுதுபார்க்கிற பட்டறைகளும் நிறைய. கேஸ் கட்டிங்குக்கு ஆக்ஸிஜன் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் ஆக்ஸிஜன் நிரப்பும் ஆலை ஒன்றுதான் இருந்தது. அடுத்த ஆலைக்கு 110 கிலோமீட்டர் போக வேண்டும். 7 கன மீட்டர் வாயு அடைத்த சிலிண்டர் வரி நீங்கலாகப் பட்டறை வாசலில் 310 ரூபாய். பட்டறைக்காரர்கள் சங்கம் வைத்து என்னிடம் வந்தார்கள். சங்கத் தலைவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கம்பியில் குத்திய பில் கட்டு ஒன்றை மேசையில் வைத்தார். மூன்று வருடத்து பில், ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அந்தக் கட்டுதான் எங்கள் விலைத் தரவு.

“காத்தைப் பிடிச்சு அடைச்சுக் கொடுக்கான், அதுக்கு முந்நூத்திப் பத்தா வக்கீல் சார்?” என்றார். நியாயமான கோபம்தான். ஆனால் அதை அப்படியே எழுதி மனுவாகத் தாக்கல் செய்ய முடியாது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் பெரிய ஆளாக இருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. 4ஆம் பிரிவு கேட்பது இரண்டு. முதலில் அந்த நிறுவனத்துக்குச் சந்தையில் ஆதிக்க நிலை இருக்க வேண்டும். பிறகு அந்த நிலையை அது தவறாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும், உதாரணமாக நியாயமற்ற விலையையோ பாரபட்சமான விலையையோ சுமத்தி. ஆதிக்க நிலையைப் பார்க்க சந்தைப் பங்கு, நுழைவுத் தடை, வாடிக்கையாளர் எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்று 19ஆம் பிரிவில் ஒரு பட்டியலே உண்டு. அந்தப் பட்டியலோடு ஓர் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் வாதம் கெட்டிப்படும் என்று எங்களுக்கு உதவிய பொருளாதாரப் பேராசிரியை சொன்னார்.

அந்த எண் லெர்னர் குறியீடு. அப்பா லெர்னர் என்ற பொருளாதார அறிஞர் 1934இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. லண்டனில் தொப்பி தைக்கிற வேலை உட்படப் பல தொழில் பார்த்துவிட்டுப் பொருளாதாரத்துக்கு வந்தவர் அவர். பட்டறை வழக்கில் அவர் பெயர் வந்தது பொருத்தமாகவே பட்டது. சூத்திரம் ஒரே வரி:

L = (P − MC) / P

P என்பது விலை. MC என்பது இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஒரே ஒரு சிலிண்டர் கூடுதலாக நிரப்பிக் கொடுக்க ஆகிற செலவு. ஆலை கட்டிய செலவு இதில் வராது, மேலாளர் சம்பளமும் வராது. அண்ணாச்சிக்கு இதைச் சொன்னபோது சட்டென்று பிடித்துக்கொண்டார். “ஓடுற பஸ்ல நடுவழியில ஒருத்தன் ஏறினா டீசல் எவ்வளவு கூடும்னு கேக்கீங்க” என்றார். அதேதான்.

விலை எங்கள் கையில் இருந்தது. செலவு அவர்கள் கையில் இருந்தது, அவர்கள் தரமாட்டார்கள். ஆணையம் முகாந்திரம் இருக்கிறது என்று கருதித் தலைமை இயக்குநரின் விசாரணைக்கு அனுப்பினாலும், நிறுவனத்தின் செலவு விவரங்கள் வணிக ரகசியம் என்று கறுப்பு மை பூசப்பட்டுத்தான் எங்களுக்கு வரும். ஆகவே வெளியிலிருந்தே கட்டியெழுப்பினோம். இந்தத் தொழிலில் அது சாத்தியம். காரணம், ஆக்ஸிஜனுக்கு மூலப்பொருள் காற்று, அதற்கு யாரும் பில் போடுவதில்லை. செலவில் பெரும்பங்கு மின்சாரம், அதன் கட்டணமோ அரசாணைபோல ஊரறிந்தது.

அந்த ஆலை மணிக்கு 80 கன மீட்டர் எடுக்கிற பழைய இயந்திரம். காற்றை அழுத்தி, குளிரவைத்து திரவமாக்கி, ஆக்ஸிஜனைப் பிரித்து, 150 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் ஏற்ற வேண்டும். அந்த அளவு, அந்த வயது உள்ள இயந்திரத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 1.2 யூனிட் என்று வைத்துக்கொண்டோம். சிலிண்டருக்கு 8.4 யூனிட். அந்தச் சமயம் உயரழுத்த மின்சாரம் யூனிட் 6 ரூபாய் 35 காசு, 5 சதவீத மின்வரி சேர்த்தால் 6.67. ஆக மின்சாரம் 56 ரூபாய். சிலிண்டரைப் பட்டறை வரை கொண்டுவர டீசலும், ஏற்றி இறக்குகிறவர்களுக்கு சிலிண்டர் கணக்கில் தருகிற கூலியும் சேர்ந்து 30 ரூபாய். வால்வு வாஷர், சில்லறைப் பழுது 4 ரூபாய். மொத்தம் 90. விலை 310இலிருந்து 90ஐக் கழித்தால் 220, அதை 310ஆல் வகுத்தால் 0.71.

இதில் எங்களுக்குச் சாதகமான ஒன்றை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தோம். இப்படிப்பட்ட ஆலையை நினைத்தபோது நிறுத்தி நினைத்தபோது ஓட்ட முடியாது. நிறுத்தினால் மறுபடி குளிர்ந்து உற்பத்திக்கு வர பல மணி நேரம் பிடிக்கும். அதனால் ஆர்டர் குறைந்த நாளிலும் ஓடிக்கொண்டே இருக்கும், மிஞ்சின ஆக்ஸிஜன் குழாய் வழியே வானத்துக்குப் போகும். அப்படிப் போகிறதைப் பிடித்து அடைத்தால் கூடுதல் சிலிண்டருக்கு 56 ரூபாய் மின்சாரம்கூட ஆகாது, அழுத்தி ஏற்றுகிற பங்கு மட்டும்தான். ஆனால் வெளியிலிருந்து செலவை மதிப்பிடுகிறவன் எதிராளிக்குச் சாதகமாகவே மதிப்பிட வேண்டும். குறுக்குக் கேள்வியில் தப்பிக்க அது ஒன்றுதான் வழி.

எதிர்த்தரப்புப் பதில் தடிமனாக வந்தது. அவர்கள் கணக்கில் சிலிண்டர் ஒன்றுக்குச் செலவு 268 ரூபாய். இடைவெளி 42 ரூபாய், விலையில் 13.5 சதவீதம். “இந்த லாபத்தில் ஆதிக்கம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டிருந்தார்கள். 268 எப்படி வந்தது என்ற விவரம் முழுக்கக் கறுப்பு. ஆனாலும் தலைப்பிலேயே விஷயம் வெளிப்பட்டுவிட்டது. ஆண்டின் மொத்தச் செலவை ஆண்டில் விற்ற சிலிண்டர் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். அது சராசரிச் செலவு, இறுதிநிலைச் செலவு இல்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆணையத்தின் முன் காட்ட நான் மின்கட்டண பில்லையே எடுத்துக்கொண்டேன். உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர் இரண்டு விதமாகப் பணம் கட்டுகிறார். ஓடின யூனிட்டுக்கு ஒன்று. ஒப்பந்தம் செய்த கே.வி.ஏ. அளவுக்கு மாதந்தோறும் டிமாண்ட் சார்ஜ் மற்றொன்று, அப்போது கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாய். ஒரு சிலிண்டர் கூட நிரப்பினால் முதலாவது ஏறும். இரண்டாவது அசையாது. ஒரே பில்லில் ஒரு வரி கணக்கில் வரும், அடுத்த வரி வராது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்குச் செய்கிற நீரழுத்தச் சோதனையும் அப்படித்தான். அது காலத்தைப் பார்த்து வருவது, எத்தனை முறை நிரப்பினார்கள் என்று பார்த்து வருவதில்லை.

சராசரிச் செலவில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. எங்கள் ஆடிட்டர் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலான ஆண்டறிக்கையை எடுத்துப் பார்த்தார். அது யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கக்கூடிய ஆவணம். உறவுடைய தரப்பினருடன் நடந்த பரிவர்த்தனை என்ற குறிப்பில், ஆலை நிற்கிற நிலத்துக்கு இயக்குநர் குடும்பத்துக்குக் கொடுத்த வாடகை இருந்தது. வகுத்துப் பார்த்தால் சிலிண்டருக்கு 40 ரூபாய் அளவுக்கு வந்தது. ஆதிக்கத்தால் கிடைக்கிற லாபத்தை உரிமையாளர் வாடகை என்ற பெயரில் எடுத்துக்கொண்டால், ஏட்டில் லாபம் மெலிந்து செலவு கொழுத்துவிடும். சராசரிச் செலவை வைத்து இடைவெளி பார்க்கிறவர் அதில் ஏமாறுவார். கூடுதல் சிலிண்டரின் செலவில் இந்த வாடகைக்கு இடமே இல்லை.

அவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் தள்ள முடியவில்லை, தள்ளவும் கூடாது. மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகள் கரையேறி நிற்கும், பழுதுபார்ப்பெல்லாம் அப்போதுதான். மற்ற மாதங்களில் நாளைக்கு 220 சிலிண்டர் போகிற ஊரில் அப்போது 320 கேட்பார்கள். ஆலையின் முழுக் கொள்ளளவே நாளைக்கு 270 சொச்சம். மீதி 50ஐ 110 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஆலையிலிருந்து நிரப்பிய சிலிண்டராக வாங்கி வந்து கொடுத்தார்கள். அதன் அடக்கம் 185 ரூபாய், ஊருக்குள் விநியோகம் 30, ஆக 215. அந்த இரண்டு மாதம் ‘இன்னும் ஒரு சிலிண்டர்’ என்பது தங்கள் ஆலையில் அடைத்தது இல்லை, வெளியில் வாங்கியது. அப்படியானால் இறுதிநிலைச் செலவு 215, குறியீடு 0.31.

பேராசிரியை இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். எனக்கு முதலில் ஏன் என்று புரியவில்லை. “பில் கட்டைப் பாருங்க சார். மே மாசமும் 310, அக்டோபரும் 310” என்றார். அப்போதுதான் விளங்கியது. செலவு 90க்கும் 215க்கும் நடுவே ஏறி இறங்குகிறது, விலை அசையவே இல்லை. அக்டோபரில் ஆலையில் நாளைக்கு 50 சிலிண்டருக்கு மேல் சும்மா கிடக்கிற கொள்ளளவு. ஒவ்வொன்றும் விற்றால் 90 போக மீதியெல்லாம் லாபம். போட்டியாளர் ஒருவர் இருந்திருந்தால் அவர் 280க்குக் கொடுத்திருப்பார், 250க்கும் கொடுத்திருப்பார். ஒரே ஆள் என்பதால் யாரும் கொடுக்கவில்லை.

ஏன் அந்த ஒரே ஆள் தானாகக் குறைக்கவில்லை என்பதற்கும் அந்தச் சூத்திரத்திலேயே பதில் உண்டு. லாபத்தை முடிந்தவரை பெருக்குகிற ஒரு நிறுவனத்தின் லெர்னர் குறியீடு, அதன் வாடிக்கையாளரின் தேவை நெகிழ்ச்சிக்குத் தலைகீழாக இருக்கும். 0.71ஐத் தலைகீழாக்கினால் 1.41. விலை 1 சதவீதம் குறைந்தால் விற்பனை 1.41 சதவீதம் ஏறும் என்று பொருள். அவர் 10 ரூபாய் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 3.2 சதவீதம் இறங்குகிறது, விற்பனை நாளைக்கு 10 சிலிண்டர் ஏறுகிறது. அந்தப் பத்தில் கிடைப்பது, 300 விலையில் 90 செலவு போக, 2,100 ரூபாய். ஆனால் ஏற்கெனவே 310 கொடுத்துக்கொண்டிருந்த 220 சிலிண்டரிலும் தலைக்குப் பத்து ரூபாய் போகிறது, 2,200. வரவும் இழப்பும் ஏறக்குறைய சமம். குறைத்து ஒன்றும் கிடைக்காத இடம் பார்த்துத்தான் 310 நிற்கிறது. ஆணைய உறுப்பினர்களிடம் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மற்ற பக்கங்களைவிட அதைத்தான் அதிகம் புரட்டினார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொன்னோம். 1.41 என்பது நாங்கள் அளந்த எண் இல்லை. நிறுவனம் லாபத்தைப் பெருக்கித்தான் விலை வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து ஊகித்தது. புதிய ஆள் வந்துவிடுவானோ என்று பயந்து ஒரு நிறுவனம் விலையைச் சற்றுக் குறைத்தே வைத்திருக்கலாம். அப்போது குறியீடு அதன் உண்மையான வலுவைக் குறைத்துக் காட்டும்.

எதிர்த்தரப்பின் மூத்த வழக்கறிஞர் டில்லியில் பெயர் பெற்றவர். சந்தையின் எல்லையைப் பற்றி நன்றாகவே வாதாடினார். விலை ஏறினால் பட்டறைக்காரர்கள் பிளாஸ்மா கட்டருக்கு மாறுகிறார்கள், சிலர் வண்டி கட்டிக்கொண்டு 110 கிலோமீட்டர் போய் வாங்கி வருகிறார்கள், ஆகவே சந்தை இந்த ஊரோடு, இந்த வாயுவோடு முடியவில்லை என்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1956இல் டூபாண்ட் நிறுவனத்தின் செலோபேன் தாள் வழக்கில் ஏற்றுக்கொண்ட வாதமும் இந்தச் சாயல்தான். மற்ற பொதி தாள்களையும் சேர்த்துச் சந்தையைப் பார்த்து டூபாண்டை விடுவித்தார்கள். பின்னால் பொருளாதார அறிஞர்கள் அதை ‘செலோபேன் பிழை’ என்றே பெயர் வைத்துக் கண்டித்தார்கள். மேலே சொன்ன கணக்கே அதற்குப் பதில். முற்றுரிமையாளர் விலையை ஏற்றிக்கொண்டே போய், வாடிக்கையாளர் வேறு வழி தேட ஆரம்பிக்கிற இடத்தில்தான் நிறுத்துவார். 310இல் ஆட்கள் 110 கிலோமீட்டர் போகிறார்கள் என்பது மாற்று வழி இருக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. 310 எவ்வளவு உயரம் என்பதற்குத்தான் சான்று. 190இல் யாராவது போவார்களா என்று கேட்டேன்.

190 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உறுப்பினர் ஒருவர் அதற்கு முன் கேட்டிருந்தார்: “செலவு 90 என்கிறீர்கள். 90க்கு விற்றால் இந்த ஆலை ஒரு மாதம் ஓடுமா?” ஓடாது. சம்பளம், வட்டி, டிமாண்ட் சார்ஜ் எல்லாம் எங்கிருந்து வரும்? பாடப்புத்தகத்தில் முழுப் போட்டி என்றால் குறியீடு பூஜ்யம். நிலையான செலவு கனமாக உள்ள ஆக்ஸிஜன் தொழிலில் பூஜ்யம் வைத்தால் எல்லோரும் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் 0.71 பெரியது என்று தனியே சொல்வதில் ஒன்றுமில்லை. எதோடு ஒப்பிட்டு என்பதே கேள்வி.

பக்கத்து மாவட்டத்தில் மூன்று பேர் நிரப்புகிற ஊர் ஒன்று இருந்தது. அங்கே ஒருவரிடம் கிட்டத்தட்ட இதே அளவு, இதே வகை இயந்திரம், அதே மின்கட்டணம். அங்கே சிலிண்டர் 190 ரூபாய். கூடுதல் சிலிண்டரின் செலவை அதே 90 என்று எடுத்தால் குறியீடு 0.53. போட்டி உள்ள ஊரிலேயே 0.53 என்பதை நாங்களே முன்வந்து சொன்னோம். அவர்களும் வருடக்கணக்காகப் பூட்டாமல் தொழில் நடத்துகிறார்கள். ஆகவே நிலையான செலவை மீட்க 0.53 போதும். அதற்கு மேல் 0.71 வரை உள்ள பகுதிக்குத்தான் எதிர்த்தரப்பு காரணம் சொல்ல வேண்டும். ரூபாயில் சொன்னால் சிலிண்டருக்கு 120.

இதைவிடக் கூர்மையான சாட்சி தலைமை இயக்குநரின் அறிக்கையில் கிடைத்தது. அதே ஊரில் ஒரு ஃபவுண்டரிக்கு அதே சிலிண்டரை 232க்குக் கொடுத்துவந்தார்கள். அளவு அதிகம் என்பதால் சலுகை என்றார்கள். ஒரே வண்டியில் மொத்தமாக இறக்குவதால் விநியோகச் செலவில் சில ரூபாய் மிச்சமாகலாம், 78 ரூபாய் மிச்சமாக வழியில்லை. மொத்த விநியோகச் செலவே 30தானே. ஃபவுண்டரிக்கு இடம் இருந்தது, பணம் இருந்தது, வெளியூர்க் கம்பெனியிடம் திரவ ஆக்ஸிஜன் வாங்கிச் சொந்தமாகத் தொட்டி வைத்துக்கொள்வோம் என்று அது கடிதமே எழுதியிருந்தது. வேறு வழி உள்ளவருக்கு 0.61, வழியில்லாதவருக்கு 0.71. ஆலை ஒன்று, நாள் ஒன்று, செலவும் ஒன்று. வேறுபட்டது வாங்குகிறவரின் நிலைமை மட்டும். செலவை எப்படி எண்ணுவது என்ற தகராறுக்கே இங்கே இடமில்லை, 90 என்றாலும் 268 என்றாலும் அந்த 78 ரூபாய் வித்தியாசம் அப்படியே நிற்கும். சொல்லப்போனால் 268 உண்மையானால் ஃபவுண்டரிக்கு 36 ரூபாய் நஷ்டத்தில் விற்கிறார்கள் என்றாகும். இதை நான் எடுத்துச் சொன்னபோது டில்லி வழக்கறிஞர் தன் ஜூனியர் பக்கம் திரும்பினார்.

ஆணை வந்தது. ஆதிக்க நிலை உண்டு என்று ஏற்றார்கள். நியாயமற்ற அதிக விலை என்ற எங்கள் முதல் கோரிக்கையில் முடிவு சொல்லாமல் விட்டார்கள். எது சரியான விலை என்று நிர்ணயிப்பது தங்கள் வேலை இல்லை என்ற தயக்கம் வரிகளுக்கிடையே தெரிந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு என்றாலும் அந்தத் தயக்கத்தைக் குறை சொல்லமாட்டேன். ஒரு ஊரின் சிலிண்டர் விலையை மாதாமாதம் உட்கார்ந்து பார்க்க எந்த ஆணையத்தாலும் முடியாது. பாரபட்சமான விலை என்ற கோரிக்கையை ஏற்று, சலுகைக்கான அடிப்படையை எழுத்தில் வெளியிட்டு எல்லோருக்கும் ஒன்றாகப் பின்பற்றச் சொன்னார்கள்.

நிறுவனம் ஒன்றாகத்தான் ஆக்கியது. பட்டறைகளுக்கு 310 என்பது 265 ஆனது. ஃபவுண்டரிக்கு 232 என்பது 255 ஆனது. பட்டறைகளின் குறியீடு 0.66க்கு இறங்கியது, ஃபவுண்டரியின் குறியீடு 0.65க்கு ஏறியது. ஃபவுண்டரி மேலாளர் அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கத்தினாராம், உங்களால்தானே எங்களுக்கு இந்தச் செலவு என்று. அடுத்த வருடம் அவர்கள் சொன்னபடியே தொட்டி வைத்துவிட்டார்கள். ஆலையில் சும்மா கிடக்கிற கொள்ளளவு இன்னும் கூடியது. “இன்னொரு மனு போடலாமா வக்கீல் சார்?” என்று அண்ணாச்சி கேட்டார். புதிய பில்களைச் சேர்த்து வையுங்கள் என்றேன்.